“ஐ லெஃப்ட் வென் ஹி கால்ட்” என்று எழுதினேன், மெமோ வந்துவிட்டது. ஹேட் எங்கே போட வேண்டும்?

லிஃப்ட் டெக்னீஷியன் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் லிஃப்ட் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். போன வாரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதாந்திர சர்வீஸ். 3.30 மணிக்குப் போனேன். டோர் லாக் கான்டாக்ட் எல்லாம் சுத்தம் செய்து, எல்லா மாடிக்கும் ஓட்டிப் பார்த்து, 5.30க்கு முடித்தேன். சங்கத்தின் செக்ரட்டரி சர்வீஸ் கார்டில் கையெழுத்துப் போட்டார். 5.40க்குக் கிளம்பினேன். 6.10க்கு லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது. அவர் போன் செய்திருக்கிறார். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. 6.35க்குப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன்.

அவர் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார். சர்வீஸ் மேனேஜர் என்னிடம் சுருக்கமாக விளக்கம் கேட்டார், ஆங்கிலத்தில். நான் எழுதியது இது:

“செக்ரட்டரி கால்ட் மீ அட் 6.10. ஐ லெஃப்ட் வென் ஹி கால்ட். சோ ஐ குட் நாட் அட்டெண்ட்.”

மறுநாள் பதில் வந்தது. அவர் கூப்பிட்ட பிறகு ஏன் கிளம்பினாய் என்று கேட்டு மெமோ. நான் அப்படிச் சொல்லவே இல்லையே! அவர் கூப்பிட்டபோது நான் கிளம்பிவிட்டேன் என்றுதானே எழுதியிருக்கிறேன்? இன்னொரு விளக்கம் எழுத வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். என்ன தப்பு, எப்படி மாற்றுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவிநாசி ரோடு

நண்பரே, லெஃப்ட் என்றால் வேலையை விட்டுவிட்டேன் என்று அர்த்தம் வருமே. அவர் கூப்பிட்டதும் கோபப்பட்டு வேலையை விட்டுவிட்டதாக மேனேஜர் நினைத்திருப்பார். எங்கள் ஆபீஸில் ஒருவர் “ஐ லெஃப்ட்” என்று மட்டும் மெயில் போட்டார். அவரிடம் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். லெஃப்ட் வேண்டாம், “வென்ட்” என்று மாற்றுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

எட்டாம் வகுப்பு டியூஷன்

அதில்லை பிரச்சினை. இது பாஸ்ட் பெர்ஃபெக்ட் போட வேண்டிய இடம். இறந்தகாலத்தில் இரண்டு செயல்கள் வந்தால் முதலில் நடந்ததற்கு ஹேட் போட வேண்டும், இரண்டாவதற்கு சாதாரண இறந்தகாலம். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் விதி இதுதான். “ஐ ஹேட் லெஃப்ட் வென் ஹி கால்ட்.” அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கவனம். மணி நேரம் குறிப்பிட்டால் பெர்ஃபெக்ட் வரக்கூடாது. அதனால் 5.40, 6.10 எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

லிஃப்ட் டெக்னீஷியன் (திருப்பூர்)

நன்றி சார். ஆனால் மணியை எடுத்துவிட்டால் என் விளக்கத்தில் என்ன மிஞ்சும்? நான் எத்தனை மணிக்குக் கிளம்பினேன் என்பதுதானே எனக்கு ஆதாரம்? கார்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரமும் எழுதியிருக்கிறது.

நீங்கள் சொன்ன விதியை வைத்து மறுபடி எழுதிப் பார்த்தேன். எல்லாமே நடந்து முடிந்தவை என்பதால் எல்லாவற்றுக்கும் போட்டேன்:

“ஐ ஹேட் ரீச்ட் தி சைட் அட் 3.30. ஐ ஹேட் சர்வீஸ்ட் தி லிஃப்ட். ஐ ஹேட் லெஃப்ட் அட் 5.40. ஹி ஹேட் கால்ட் அட் 6.10. ஐ ஹேட் நாட் ஹியர்ட் தி போன்.”

இது சரியா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, இதை இன்னும் அனுப்பவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலப் பாடம் எடுத்திருக்கிறேன். உங்கள் முதல் வாக்கியத்தில் நடந்த தப்பு, ஒரு தமிழர் செய்தே தீர வேண்டிய தப்பு. ஏன் என்று முதலில் சொல்கிறேன். அது புரிந்தால் ஹேட் எங்கே போடுவது என்பது தானாக வரும்.

“அவர் கூப்பிட்டப்ப நான் கிளம்பிட்டேன்.” தமிழில் இதில் ஒரு குழப்பமும் இல்லை. கேட்கிற யாரும் அவர் கூப்பிட்ட பிறகுதான் நீங்கள் கிளம்பியதாக நினைக்க மாட்டார்கள். அந்த அர்த்தம் வேண்டுமென்றால் நாம் “கூப்பிட்டதும் கிளம்பினேன்” என்போம். “கூப்பிட்டபோது” ஒன்று, “கூப்பிட்டதும்” வேறு. போதாக்குறைக்கு “கிளம்பினேன்” என்று சொல்லாமல் “கிளம்பிட்டேன்” என்று சொல்லும்போதே காரியம் முடிந்துவிட்டது என்று அந்த “விட்டேன்” சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் “வென்” என்ற ஒரே சொல்தான் இரண்டு வேலையையும் பார்க்கிறது. “கூப்பிட்டபோது” என்பதற்கும் வென்தான், “கூப்பிட்டதும்” என்பதற்கும் வென்தான். எந்த வென் என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருக்கிற வினையைப் பார்த்துத்தான். இரண்டு பக்கமும் சாதாரண இறந்தகாலம், இரண்டும் சட்டென்று நடந்து முடிகிற செயல் என்றால் அவர்கள் “தும்” என்றுதான் படிப்பார்கள். “வென் தி பெல் ரேங், தி சில்ட்ரன் ஸ்டுட் அப்.” மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்தார்கள். அதே அச்சில்தான் உங்கள் வாக்கியமும் இருக்கிறது. “ஐ லெஃப்ட் வென் ஹி கால்ட்.” அவர் கூப்பிட்டதும் கிளம்பினேன். உங்கள் மேனேஜர் எழுதியிருந்ததைத்தான் படித்தார்.

ஆகவே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். வென் வருகிற இடத்தில் “தும்” போட்டு உங்கள் வாக்கியத்தைத் தமிழில் படியுங்கள். அது நடந்ததற்கு மாறாகப் பொய்யாகிவிடுகிறதா? அப்படியென்றால் முன்னால் நடந்த வினைக்கு ஹேட் கண்டிப்பாக வேண்டும். “ஐ ஹேட் ஆல்ரெடி லெஃப்ட் வென் ஹி கால்ட்.” இப்போது யாரும் “தும்” போட்டுப் படிக்க முடியாது.

கோயமுத்தூர் மருமகள்

ஐயா, இத்தனை வருடம் எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. போது, தும் இரண்டுக்கும் ஒரே வென்! “வென் ஐ கேம், ஹி ஸ்லெப்ட்” என்று நான் எழுதியதைப் பார்த்து என் நாத்தனார் சிரித்தது இப்போதுதான் புரிகிறது. நான் வந்ததும் அவர் தூங்கப் போனார் என்று ஆகியிருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அதேதான் அம்மா. ஆனால் உங்கள் வாக்கியத்துக்கு ஹேட் மருந்தில்லை. நீங்கள் வந்த நேரத்தில் அவர் தூக்கத்தில் இருந்தார் என்றால் “வாஸ் ஸ்லீப்பிங்”. தூங்கி எழுந்துவிட்டார் என்றால்தான் ஹேட் வரும்.

எட்டாம் வகுப்பு டியூஷன்

வாத்தியார் ஐயா சொல்வது சரி. நான் சொன்ன விதியும் அதைத்தானே சொல்கிறது? முதலில் நடந்தது கிளம்பியது. அதற்கு ஹேட்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

பாதி சரி தம்பி. தேர்வுத் தாளில் அந்த விதி மதிப்பெண் வாங்கித் தரும், அதை நானும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு லிஃப்ட் தம்பியின் இரண்டாவது கடிதமே சாட்சி. ஐந்து வாக்கியம், ஐந்து ஹேட்.

இரண்டு செயல்கள் முன்னும் பின்னுமாக நடந்தன என்பதற்காக மட்டும் ஹேட் தேவைப்படுவதில்லை. கடிகாரம் போகிற வழியிலேயே நீங்களும் போனால் ஒரு ஹேட்கூட வேண்டாம். “ஐ ஃபினிஷ்ட் அட் 5.30. ஐ லெஃப்ட் அட் 5.40. ஹி கால்ட் அட் 6.10.” இதில் மூன்று செயல்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஒரு ஹேட்டும் இல்லை, ஒரு குழப்பமும் இல்லை. கதை சொல்வது இப்படித்தான்.

கதையை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்து பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் ஹேட் வேண்டும். 6.10 மணியில் நிற்கிறீர்கள், போன் அடிக்கிறது. அங்கிருந்து திரும்பி, நான் கிளம்பியாகிவிட்டது என்கிறீர்கள். அந்தத் திரும்பலுக்குத்தான் ஹேட். நிற்பதற்கு ஓர் இடம் இல்லாமல் திரும்பிப் பார்க்க முடியாது, இல்லையா? உங்கள் இரண்டாவது கடிதத்தில் போன் அடித்ததற்கும் ஹேட் போட்டுவிட்டீர்கள். “ஹி ஹேட் கால்ட்.” நிற்கிற இடமே போய்விட்டது. படிப்பவர் “சரி, இதெல்லாம் எதற்கு முன்னால் நடந்தது?” என்று கடைசி வரி வரை காத்துக்கொண்டே இருப்பார். பதில் வராது.

இன்னொன்று, மணியைப் பற்றி. மணி சொன்னால் வரக்கூடாது என்பது ஹேவ் போடுகிற பெர்ஃபெக்டுக்கு. “ஐ ஹேவ் லெஃப்ட் அட் 5.40” தப்பு, அது உண்மை. ஹேட் போடும்போது அந்தத் தடை கிடையாது. “வென் ஹி கால்ட் அட் 6.10, ஐ ஹேட் லெஃப்ட் அட் 5.40” என்பது இலக்கணப்படி சரிதான். மணி இரண்டு இருப்பதால் கொஞ்சம் நெரிசலாக இருக்கிறது, அவ்வளவுதான். தம்பி தன் நேரத்தைத் தாராளமாக எழுதலாம். இந்தக் கடிதத்தில் அதை விட்டுவிடவே கூடாது.

எட்டாம் வகுப்பு டியூஷன்

ஹேவுக்கான விதியை ஹேட்டுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நாளை வகுப்பில் திருத்திவிடுகிறேன். நன்றி ஐயா.

ஆனால் “பிஃபோர்” வரும் வாக்கியம்? “ஐ ஹேட் லெஃப்ட் பிஃபோர் ஹி கால்ட்” என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறோமோ இல்லையோ, ஹேட் இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

இருக்கட்டும், தப்பில்லை. “ஐ லெஃப்ட் பிஃபோர் ஹி கால்ட்” என்று எழுதினாலும் தப்பில்லை. எது முன், எது பின் என்பதை பிஃபோர் ஏற்கெனவே சொல்லிவிட்டது. அங்கே ஹேட் இரண்டாவது பூட்டு. வென் வந்தால் அந்த ஒரு பூட்டுதான். அதை விட்டால் கதவு திறந்து கிடக்கும்.

வார்டு நைட் டூட்டி

நான் ஸ்டாஃப் நர்ஸ். வளைகுடா நாட்டில் ஒரு மருத்துவமனையில் ஆறு வருடமாக இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது, ஏனென்றால் எனக்கும் இதேதான் நடந்தது.

இரவு 2 மணிக்கு ஒரு வயதான நோயாளி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். நான் ரவுண்ட்ஸ் போனபோது பார்த்தேன். இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் எழுதினேன்: “தி பேஷண்ட் ஃபெல் வென் ஐ என்டர்ட் தி ரூம்.” நான் நினைத்தது, அறைக்குள் போனபோது அவர் விழுந்துவிட்டிருந்தார் என்று. மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நீ உள்ளே வந்ததும் எப்படி விழுந்தார்? கதவு இடித்ததா? சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தாரா? பக்கத்தில் இருந்தும் ஏன் பிடிக்கவில்லை? அரை மணி நேரம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கேள்விகள் ஏன் அப்படி வந்தன என்று அன்றைக்குப் புரியவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன “தும்” போட்டுப் படித்தால் இப்போது புரிகிறது. நான் நுழைந்ததும் விழுந்தார். அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

கோயமுத்தூர் மருமகள்

அடக் கடவுளே. “ஹேட் ஃபாலன்” என்று எழுதியிருந்தால் அத்தனை கேள்வியும் வந்திருக்காதே அக்கா.

வார்டு நைட் டூட்டி

நானும் அப்படித்தான் நினைத்தேன் தங்கச்சி. ஆனால் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அதையும் எழுதாதே என்றார். “ஹேட் ஃபாலன்” என்றால் அவர் விழுந்தார் என்று நான் உறுதி சொல்வதாக ஆகிறது. நான் பார்க்கவில்லையே? அவரே இறங்கித் தரையில் உட்கார்ந்து படுத்திருக்கலாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்று சொல்லித் திருத்திக் கொடுத்தார்: “ஐ என்டர்ட் தி ரூம் அட் 2.00 அண்ட் ஃபவுண்ட் தி பேஷண்ட் ஆன் தி ஃப்ளோர்.” நோயாளி தானே சொன்னால் அதை அவர் சொன்னதாக எழுதலாம்: “ஹி செட் ஹி ஹேட் ஸ்லிப்ட்.”

ஓய்வுபெற்ற வாத்தியார்

உங்கள் இன்சார்ஜ் சிஸ்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இலக்கணப் புத்தகத்தில் வராத விஷயம் இது. ஹேட் போட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, முன்னால் நடந்தது எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போடுகிறோம். லிஃப்ட் தம்பி கிளம்பியது அவருக்குத் தெரியும், போடலாம். நோயாளி விழுந்தது நர்ஸம்மாவுக்குத் தெரியாது, அங்கே போடாமல் விட்டதுதான் சரி.

கவுண்டர் நம்பர் 4

நான் தினமும் எழுதுவது வேறு மாதிரி. வாடிக்கையாளர்களுக்கு மெயில் போடும்போது “ஐ ஹேட் சென்ட் தி ஃபார்ம் யெஸ்டர்டே”, “ஐ ஹேட் கம் டு யுவர் ஆபீஸ் ஆன் மண்டே” என்றுதான் எழுதுவேன். ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான். புதிதாக வந்த மேடம் எல்லா ஹேட்டையும் அடித்துவிட்டார். மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் ஹேட் போடுகிறேன். அது தப்பா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

அந்த ஹேட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். “திங்கட்கிழமை உங்க ஆபீஸுக்கு வந்திருந்தேன்.” தமிழில் அழகான வாக்கியம். வந்தேன், இருந்தேன், திரும்பிவிட்டேன் என்பது வரை அதில் அடங்கியிருக்கிறது. பின்னால் இன்னொரு செயல் வர வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த “இருந்தேன்” ஆங்கிலத்துக்குப் போகும்போது ஹேட் ஆகிவிடுகிறது. ஆங்கிலம் படிப்பவரோ, வந்தீர்கள், அதற்கப்புறம்? என்று அடுத்த பாதிக்குக் காத்திருப்பார். “ஐ கேம் டு யுவர் ஆபீஸ் ஆன் மண்டே” போதும். “ஐ ஹேட் கம் டு யுவர் ஆபீஸ், பட் யூ ஹேட் லெஃப்ட்” என்றும் வேண்டாம். “ஐ கேம், பட் யூ ஹேட் லெஃப்ட்.” நான் வந்து நிற்கிறேன், திரும்பிப் பார்க்கிறேன், நீங்கள் போயாயிற்று.

அவிநாசி ரோடு

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. இந்தியா முழுவதும் “ஐ ஹேட் சென்ட் யெஸ்டர்டே” என்றுதான் எழுதுகிறார்கள். டெல்லிக்காரருக்குப் புரிகிறது, கொச்சிக்காரருக்குப் புரிகிறது. இத்தனை பேர் எழுதினால் அது நம் ஆங்கிலம். யாருக்காக மாற்ற வேண்டும்?

ஓய்வுபெற்ற வாத்தியார்

உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. இந்தி பேசுபவர்களும் இதே போல எழுதுவார்கள், அவர்கள் மொழியிலும் “வந்திருந்தேன்” போல ஒன்று இருக்கிறது. நமக்குள் எழுதிக்கொள்ளும்போது ஒரு நஷ்டமும் இல்லை. என் கவலை வேறு. எல்லா இடத்திலும் ஹேட் போட்டுப் பழகியவருக்கு, அது உயிராக வேண்டிய ஓர் இடத்தில் அதன் பலம் இருக்காது. லிஃப்ட் தம்பியின் இரண்டாவது கடிதத்தில் “ஹேட் லெஃப்ட்” இருந்தது. ஆனால் சுற்றி நாலு ஹேட் இருந்ததால் அது எதையும் சொல்லவில்லை.

அவிநாசி ரோடு

கடிதத்துக்குச் சரி. பொதுவாக நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

நியூஜெர்சி சித்தப்பா

இங்கே அமெரிக்காவில் ஆபீஸில் “ஐ ஆல்ரெடி லெஃப்ட் வென் ஹி கால்ட்” என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஹேட் இல்லை. ஆல்ரெடி இருந்தாலே போதும், ஹேட் எல்லாம் பழைய ஆங்கிலம். தம்பி ஆல்ரெடி மட்டும் சேர்த்து அனுப்பலாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அமெரிக்கப் பேச்சில் அது உண்டு, நானும் கேட்டிருக்கிறேன். அவர்கள் எழுத்திலும் ஹேட் செத்துப்போகவில்லை. பழைய ஆங்கிலம் என்பதை நான் ஏற்கவில்லை. பேச்சில் குரலும் முகமும் உதவிக்கு வரும். மெமோவுக்குப் பதில் எழுதும்போது அவை இல்லை. மேனேஜர் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் படித்தவராக இருந்தால் “ஆல்ரெடி லெஃப்ட்” அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

நியூஜெர்சி சித்தப்பா

என் பிள்ளைகள் பள்ளியில் எழுதும் கட்டுரையிலேயே அப்படித்தான் எழுதுகிறார்கள், டீச்சர் ஒன்றும் சொல்வதில்லை. எழுத்து, பேச்சு என்று நீங்கள் பிரிப்பது அங்கே சரியாக இருக்கலாம்.

லிஃப்ட் டெக்னீஷியன் (திருப்பூர்)

எல்லோர் சொன்னதையும் இரண்டு தடவை படித்தேன். ராத்திரி உட்கார்ந்து எழுதியது இது:

“தி செக்ரட்டரி கால்ட் மீ அட் 6.10. ஐ ஹேட் ஆல்ரெடி லெஃப்ட். ஐ ஹேட் ஃபினிஷ்ட் தி சர்வீஸ் அட் 5.30 அண்ட் ஹி ஹேட் சைன்ட் தி கார்டு. ஐ ஹேட் லெஃப்ட் அட் 5.40. ஐ ரோட் தி பைக், சோ ஐ டிட் நாட் ஹியர் தி போன். ஐ கால்ட் பேக் அட் 6.35.”

6.10க்கு முன்னால் நடந்தவை எல்லாவற்றுக்கும் ஹேட், பின்னால் நடந்ததற்கு இல்லை. இப்போது சரியா ஐயா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

ரொம்ப நல்லா வந்திருக்கிறது. இலக்கணப்படி ஹேட்டில் ஒரு தப்பும் இல்லை. மூன்று இடத்தில் மட்டும் கை வைக்கிறேன்.

முதலாவது, “லெஃப்ட்” என்று மொட்டையாக விடாமல் “லெஃப்ட் தி சைட்” என்று எழுதுங்கள். அவிநாசி ரோடு நண்பர் முதலில் சொன்னது இந்த விஷயத்துக்கு நேரடிப் பதிலாக இல்லாவிட்டாலும், அந்த எச்சரிக்கை நல்ல எச்சரிக்கை.

இரண்டாவது, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டால் படிப்பவரும் உங்களோடு சேர்ந்து திரும்பிவிடுவார். அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் ஹேட் வேண்டாம், அதுவும் மணி பக்கத்திலேயே இருக்கும்போது. “ஐ ஹேட் ஆல்ரெடி லெஃப்ட் தி சைட்” என்று வாசலைத் திறந்தபின், உள்ளே சாதாரணமாக நடக்கலாம். 5.30, 5.40 என்று எண்கள் இருக்கின்றன, யாரும் வழி தவற மாட்டார்கள்.

மூன்றாவது, “ரோட் தி பைக்” என்பது “வாஸ் ரைடிங்” ஆக வேண்டும். போன் அடித்த அந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். அது முடிந்துபோன செயல் இல்லை. ஆகையால் ஹேட்டும் இல்லை, சாதாரண இறந்தகாலமும் இல்லை.

சேர்த்துப் பார்த்தால் இப்படி வரும்:

“தி செக்ரட்டரி கால்ட் மீ அட் 6.10. ஐ ஹேட் ஆல்ரெடி லெஃப்ட் தி சைட் வென் ஹி கால்ட். ஐ ஃபினிஷ்ட் தி சர்வீஸ் அட் 5.30, ஹி சைன்ட் தி கார்டு, அண்ட் ஐ லெஃப்ட் அட் 5.40. ஐ வாஸ் ரைடிங் அட் 6.10, சோ ஐ டிட் நாட் ஹியர் தி போன். ஐ கால்ட் பேக் அட் 6.35.”

ஒரே ஒரு ஹேட். மெமோவில் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது, அதனால்தான் அதை இரண்டாவது வரியிலேயே வைத்தேன். கார்டின் நகலை இணைக்க மறக்காதீர்கள்.

எட்டாம் வகுப்பு டியூஷன்

ஐயா, “ஐ ஃபினிஷ்ட்” என்று ஹேட் இல்லாமல் விட்டதைப் பார்த்தால் தேர்வுத் தாளில் சிவப்பு மை விழும். என் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்வது?

ஓய்வுபெற்ற வாத்தியார்

கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விக்கு உங்கள் விதியையே சொல்லுங்கள். பத்தி எழுதச் சொல்லும்போது இதைச் சொல்லுங்கள். திருத்துகிறவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

வார்டு நைட் டூட்டி

தம்பிக்கு ஒன்று. மேனேஜர் நேரில் கூப்பிட்டுக் கேட்டால், வாயால் சொல்லும்போது “ஐட் லெஃப்ட்” என்று சுருக்காதீர்கள். இங்கே போனில் டாக்டரிடம் அப்படிச் சொன்னால் அந்த “ட்” காதில் விழுவதே இல்லை, “ஐ லெஃப்ட்” என்றுதான் கேட்கிறது. “ஹேட்” என்று முழுசாகச் சொல்லி, “ஆல்ரெடி”யையும் அழுத்திச் சொல்லுங்கள்.

லிஃப்ட் டெக்னீஷியன் (திருப்பூர்)

வியாழக்கிழமையே அனுப்பிவிட்டேன். கார்டைப் போட்டோ எடுத்து இணைத்தேன். இன்று காலை மேனேஜர் கூப்பிட்டார். கிளம்பியதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 5.30க்குச் சர்வீஸ் முடித்த லிஃப்ட் 6.10க்கு ஏன் நின்றது, மூன்றாம் மாடி லேண்டிங் டோரை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாய் என்று கேட்டார். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. யாரோ கதவுக்குக் கீழே உள்ள தடத்தில் கல் விழ விட்டிருக்கிறார்கள், மறுநாள் போய் நானே எடுத்தேன்.

அதையும் எழுத்தில் கேட்டிருக்கிறார். “சம்ஒன் ஹேட் டிராப்ட் எ ஸ்டோன்” என்று எழுத நினைத்தேன். அப்புறம் நர்ஸ் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. யார் போட்டார்கள், எப்படி விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. “ஐ ஃபவுண்ட் எ ஸ்டோன் இன் தி டோர் டிராக்” என்று எழுதிவிட்டேன்.